ஒற்றைக் கண்ணில் மின்னல்

பசி முற்றினால் கண்ணில் பூச்சி பறக்கும் என்பது வழக்கு. அந்தப் பூச்சி இரண்டு கண்ணிலும் சேர்ந்தே பறக்கும். ஒரு வாய் சோறு உள்ளே போனதும் அடங்கிவிடும். கண் மருத்துவர்களை எச்சரிக்கை கொள்ளவைப்பது வேறொரு பூச்சி. அது ஒரு கண்ணில் மட்டும் வரும். நேற்றுவரை இருக்காது, இன்று திடீரென்று வந்து நிற்கும். வெள்ளைச் சுவரையோ வெளிறிய வானத்தையோ பார்க்கும்போது கொசுவாக, நூலாக, சிலந்தி வலையாக, சிலருக்கு மோதிரம்போல ஒரு வளையமாகத் தெரியும். அதை நேராகப் பார்க்க முயன்றால் நழுவி ஓடும். கண்ணை நிறுத்தினால் சற்றுத் தள்ளிப்போய் அலையும். இதனுடன், அல்லது இதற்கு ஓரிரு நாள் முன்பே, இருட்டில் கண்ணின் ஓரத்தில் மின்னல்போல ஒளி வெட்டுவதும் உண்டு. இரண்டிலும் வலி இருக்காது. வலி இல்லை என்பதாலேயே பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

இந்தப் பூச்சி எங்கிருந்து வருகிறது என்பதற்கு விழியின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கண்ணின் லென்ஸுக்குப் பின்னால் உள்ள பெரிய அறையை நிறமற்ற ஒரு கூழ் நிறைத்திருக்கிறது. மருத்துவர்கள் இதை விட்ரியஸ் என்பார்கள். ஏறக்குறைய 4 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மிக நுண்ணிய கொலாஜன் இழைகள் வலைபோலப் பின்னி அந்தத் தண்ணீரைக் கூழாகப் பிடித்து வைத்திருக்கின்றன. இளவயதில் இந்தக் கூழ் ஒரே சீராக இருக்கும். வயது ஏற ஏற உள்ளுக்குள் இளகி, ஆங்காங்கே நீர்ப்பைகள் உண்டாகும். நுங்கைப் பெருவிரலால் குத்தினால் சதைக்கு நடுவிலிருந்து நீர் தெறிக்கிறதே, ஏறத்தாழ அந்த நிலைதான். இளகிய இடத்தில் இருந்த இழைகள் ஒன்றோடொன்று திரண்டு முடிச்சுகளாகின்றன. கண்ணுக்குள் நுழையும் வெளிச்சத்தில் அவற்றின் நிழல் விழித்திரையில் விழுகிறது. பூச்சி என்று தெரிவது அந்த நிழல்தான். கண்ணுக்கு வெளியே எதுவும் பறக்கவில்லை.

ஒன்றிரண்டு பூச்சிகள் பலருக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே இருக்கும், குறிப்பாகக் கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்கு. ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும் இவற்றைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை. கவலைக்குரிய கட்டம் பெரும்பாலும் 50 வயதுக்குப் பிறகு வருகிறது. ஒரு நாள் அந்தக் கூழின் பின்புறம் விழித்திரையை விட்டுக் கழன்று முன்னே சரிகிறது. பார்வை நரம்பைச் சுற்றி அது ஒட்டியிருந்த இடத்திலிருந்து வட்டமாகப் பிய்ந்து வரும் திசுதான் சிலர் காணும் அந்த மோதிரம். இந்தக் கழற்சி நோயல்ல; தலை நரைப்பதைப்போல முதுமையின் ஒரு பகுதி. வயதானவர்களில் மிகப் பலருக்கு இது நடந்தே தீரும். அதிகப் பவர் கொண்ட கிட்டப்பார்வைக்காரர்களுக்கும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும், கண்ணில் பலமாக அடிபட்டவர்களுக்கும் இது முன்கூட்டியே வரலாம்.

சிக்கல் கழல்வதில் இல்லை, கழலும் விதத்தில் இருக்கிறது. இந்தக் கூழ் விழித்திரையில் எல்லா இடத்திலும் ஒரே பலத்தோடு ஒட்டியிருப்பதில்லை. கண்ணின் முன்விளிம்பை ஒட்டி ஓடும் ஒரு பட்டையில் அது விடாப்பிடியாக ஒட்டியிருக்கும். இரத்தக் குழாய்களின் மேலும், சிலருக்குப் பிறவியாகவோ கிட்டப்பார்வையாலோ விழித்திரை மெலிந்து போன திட்டுகளின் ஓரங்களிலும் பிடிப்பு கூடுதலாக இருக்கும். கூழ் விலகும்போது மற்ற இடங்களில் சுலபமாக விட்டுவிட்டு, இங்கே மட்டும் விடாமல் இழுக்கும். விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. அதற்குத் தெரிந்த ஒரே மொழி வெளிச்சம். அழுத்தினாலும் இழுத்தாலும் அது மூளைக்கு அனுப்பும் சேதி “வெளிச்சம்” என்பதுதான். கண்ணைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே கூழ் ஆடி விழித்திரையை வெடுக்கென்று இழுக்க, காது பக்கத்து ஓரத்தில் வளைந்த ஒரு மின்னல் கணநேரம் ஓடி மறைகிறது. பகலிலும் அது நிகழும். ஆனால் இருட்டில்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

இழுவை பலமாக இருந்து விழித்திரை மெலிந்தும் இருந்தால், அந்த இடம் கிழியும். கிழிசல் பெரும்பாலும் குதிரை லாடம்போல வளைந்திருக்கும். நடுவில் ஒரு மடல் எழுந்து நிற்க, கூழ் அந்த மடலைப் பிடித்து இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கும். கிழிசலின் குறுக்கே ஒரு சிறு இரத்தக் குழாய் ஓடியிருந்தால் அதுவும் அறுந்து, இரத்தத் துளிகள் கூழுக்குள் சிதறும். அப்போது பூச்சி ஒன்றிரண்டாக வராது. மிளகுத்தூளைத் தூவியதுபோலவும் புகை படர்ந்ததுபோலவும் ஒரே நேரத்தில் ஏராளமாக வரும்.

புதிதாகப் பூச்சியும் மின்னலும் கண்டு வந்தவர்களைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்குக் கிழிசல் இருந்திருக்கிறது. மற்ற ஆறு பேருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒருவருக்கும் ஆறு பேருக்கும் தெரிந்த பூச்சியும் மின்னலும் ஒன்றேதான். கிழிசல் எந்தப் பக்கம் என்பதைக்கூட மின்னல் தெரிந்த பக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. தான் எந்த வகை என்று நோயாளி தானாகக் கண்டுகொள்ள வழியே இல்லை என்பதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு.

ஒரு மாதிரிக்கு 56 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவரை வைத்துக்கொள்ளலாம். பள்ளி நாளிலிருந்தே மைனஸ் 5 பவர் கண்ணாடி. சனிக்கிழமை இரவு கூடத்து விளக்கை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் திரும்புகிறார். வலப்பக்க ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு வளைந்து ஓடுகிறது. மழை வரப்போகிறது என்று சன்னலைத் திறந்து பார்த்தால் வானம் நட்சத்திரங்களோடு தெளிவாக இருக்கிறது. படுக்கையில் புரளும்போது இன்னும் நாலைந்து முறை அதே கோடு.

மறுநாள் காலை தட்டில் வைத்த இட்லியின்மேல் கடுகு சிதறியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். ஊதினால் போகவில்லை; தட்டை மாற்றினாலும் கூடவே வருகின்றன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டாலும் அப்படியே. இந்த இடத்தில் அவர் ஒரு நல்ல காரியம் செய்கிறார். கையால் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கிறார். இடக்கண்ணில் இட்லி வெள்ளையாக இருக்கிறது. வலக்கண்ணில் மட்டும் கடுகு. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வரும் ஒளி இப்படிக் கண்ணுக்குக் கண் மாறாது. அது மூளையில் பிறப்பதால், எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும். நெளிகோடாகத் தொடங்கி மெல்ல விரிந்து, பெரும்பாலும் 20, 30 நிமிடம் இருந்துவிட்டுப் போகும். விழித்திரை இழுபடும் மின்னல் கண நேரத்துக்குமேல் நிற்பதில்லை.

ஞாயிறு மாலை அவர் தெருமுனைக் கண்ணாடிக் கடைக்குப் போகிறார். எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படிக்க முடிகிறது. “பவர் மாறலை, வயசானா அப்படித்தான் இருக்கும்” என்கிறார் கடைக்காரர். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. பார்வையின் கூர்மை விழித்திரையின் நடுவில் உள்ள மஞ்சள் புள்ளியைப் பொறுத்தது. கிழிசலோ ஓரத்தில் விழுவது. அதனால் கிழிந்த கண்ணாலும் சுத்தமாகப் படிக்க முடியும். எழுத்துப் பலகையோ, பவர் பார்க்கும் இயந்திரமோ, பாப்பா விரியாத கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பதோ இதைக் காட்டிக்கொடுக்காது. மருந்துக் கடையில் வாங்கும் சொட்டு மருந்து கண்ணின் மேற்பரப்போடு நின்றுவிடும். அது இந்தக் கூழையும் விழித்திரையையும் சரிசெய்யப் போவதில்லை.

திங்கள் காலை கண் மருத்துவமனையில் நடப்பது வேறு மாதிரியான சோதனை. பொதுமக்கள் “மருந்து விட்டுப் பார்ப்பது” என்று சொல்வது இதைத்தான். பாப்பா விரிவதற்கான சொட்டு மருந்தைச் சில நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை விடுவார்கள். அரை மணி நேரமாவது கண்ணை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு நான்கைந்து மணி நேரம் கிட்டத்து எழுத்து தெளியாது, வெயிலில் கண் கூசும். ஆகையால் சொந்தமாக வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல், யாரையாவது துணைக்கு அழைத்துப்போவதே நல்லது.

முதலில் மருத்துவர் கண்ணை ஸ்லிட் லேம்ப் கருவியில் வைத்து, லென்ஸுக்குச் சற்றுப் பின்னால் உள்ள கூழின் முன்பகுதியைப் பார்க்கிறார். மெல்லிய ஒளிக்கீற்றில் அங்கே பழுப்புத் தூள் மிதக்கிறது. மூக்குப்பொடி சிந்தியதுபோல இருக்கும் இந்தத் தூள் விழித்திரைக்கு அடியில் இருக்க வேண்டிய நிறமிச் செல்கள். அவை கூழுக்குள் வந்திருக்கின்றன என்றால் எங்கோ ஒரு வாசல் திறந்திருக்கிறது. கிழிசலைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, அது இருக்கும் என்று மருத்துவர் எதிர்பார்க்கத் தொடங்குவது இந்தத் தூளைக் கண்டுதான்.

அடுத்து நோயாளியைப் படுக்கவைத்து, தலையில் விளக்கு பொருத்திக்கொண்டு, கையில் ஒரு வில்லையைப் பிடித்தபடி விழித்திரையின் ஓரங்களைச் சுற்றிவருகிறார். “மேலே பாருங்க, இடப்பக்கம் பாருங்க” என்று சொல்லிச் சொல்லி, இமையின்மேல் ஒரு சிறு உலோகக் கோலால் மெல்ல அழுத்துகிறார். அழுத்தும்போது ஓரத்து விழித்திரை உள்பக்கம் மேடாகி எழுந்து பார்வைக்குள் வருகிறது. கொஞ்சம் அசௌகரியமான கட்டம்தான், ஆனால் மடிப்பில் ஒளிந்திருக்கும் கிழிசல் வாய் திறப்பது இந்த அழுத்தத்தில்தான். ஆசிரியைக்கு வலக்கண்ணின் மேல்புறத்தில், காது பக்கமாக, லாட வடிவக் கிழிசல் ஒன்று தெரிகிறது. கிழிசல்கள் மிக அதிகமாக விழும் பகுதியும் அதுதான். கூழில் இரத்தம் கலங்கி உள்ளே எதுவும் தெரியாமல் போனால், மூடிய இமையின்மேல் ஸ்கேன் வைத்துப் பார்ப்பார்கள். அப்படி இரத்தம் கலங்கியவர்களில் பெரும்பாலோருக்குக் கிழிசல் இருப்பதால், தெரியவில்லை என்று யாரும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள்.

கிழிசலைக் கண்டதும் அவசரம் ஏன் என்பதற்குச் சுவரொட்டியை நினைத்துக்கொண்டால் போதும். பசை நன்றாக இருக்கும் சுவரொட்டியை மழை ஒன்றும் செய்வதில்லை. ஒரு மூலை கிழிந்துவிட்டால் மழைத்தண்ணீர் அதன் பின்னால் இறங்கி, மொத்தத்தையும் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு வரும். விழித்திரை கால் மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத இடங்கள் கொண்ட படலம். இளகிய கூழின் நீர் கிழிசல் வழியே அதன் பின்னால் புகுந்தால் அதுவும் அப்படியே உரியும். ஒளியை உணரும் செல்கள் தமக்குப் பின்னால் உள்ள இரத்தக் குழாய்ப் படலத்திலிருந்துதான் பிராணவாயு வாங்கி வாழ்கின்றன. உரிந்த பகுதிக்கு அது கிடைக்காமல் செல்கள் நலியத் தொடங்கும். நோயாளிக்கு இது ஓரத்திலிருந்து நகர்ந்துவரும் கறுப்புத் திரையாகத் தெரியும். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், மேற்புறம் காது பக்கம் உரிந்தால் திரை கீழ்ப்புறம் மூக்குப் பக்கமிருந்து எழும். மேற்புறக் கிழிசல்களில் நீர் தன் பாரத்தாலேயே கீழே இறங்குவதால் உரிதலும் வேகமாக நடக்கும்.

அறிகுறியோடு வந்த லாடக் கிழிசலை அப்படியே விட்டால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழித்திரை உரிந்துவிடுகிறது. நேரத்தோடு லேசர் வைத்தால் அது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாக இறங்குகிறது.

லேசர் வைப்பது ஒட்டுவேலை மாதிரி ஓட்டையை அடைப்பதல்ல. கிழிசல் கிழிசலாகவே இருக்கும். அதைச் சுற்றியுள்ள நல்ல விழித்திரையில் மூன்று வரிசையாக நெருக்கமாகச் சூட்டுப் புள்ளிகள் வைக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் வைத்த உடனே வெளுத்துத் தெரியும். அந்தத் தழும்பு ஆறும்போது விழித்திரை அடிப்படலத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும். நீர் வந்தாலும் அந்த வரப்பைத் தாண்டாது. லாடத்தின் திறந்த பக்கத்தில் வரப்பைக் கண்ணின் முன்விளிம்புவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது முக்கியம். அங்கே இடைவெளி விட்டால் நீர் அந்த வழியே சுற்றிக்கொண்டு போய்விடும். லேசருக்குப் பிறகும் உரிந்த கண்களில் கோளாறு பல முறை இந்த முன்பக்க இடைவெளியில்தான் இருக்கிறது. லேசர் எட்டாத இடமாக இருந்தாலோ இரத்தம் மறைத்தாலோ, கண்ணுக்கு வெளியிலிருந்து உறையவைக்கும் குளிர் முறையும் உண்டு.

ஆசிரியைக்கு மரப்புச் சொட்டு விட்டு, உட்காரவைத்தபடியே கால் மணி நேரத்துக்குள் வேலை முடிகிறது. ஓரிரு இடங்களில் சுருக்கென்று குத்தியதைத் தவிர வேறு வலி இல்லை. மதியம் அவர் வீட்டில் இருக்கிறார். ஆனால் தழும்பு முழுப் பலம் பெற ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் நீர் முந்திக்கொள்ளவும் கூடும். அந்த நாட்களில் கனமான சுமையும் உடம்பு குலுங்கும் வேலையும் வேண்டாம் என்பார்கள். பூச்சிகளை லேசர் அகற்றாது. அவை கூழில் இருக்கின்றன, லேசர் விழித்திரையில் விழுகிறது. சில மாதங்களில் அவை கீழே தணிந்தும், மூளை அவற்றைப் பொருட்படுத்தாமல் பழகியும் தொந்தரவு குறையும்.

இந்த வைத்தியத்தின் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை விழித்திரை உரிந்தால் கண் போனது போனதுதான் என்றிருந்தார்கள். கிழிசல் விளைவல்ல, அதுவே காரணம். அதை மூடினால் விழித்திரை மீண்டும் ஒட்டும் என்று காட்டியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் ஜூல் கோனின். பழுக்கக் காய்ச்சிய ஊசிமுனையால் கிழிசல் இருக்கும் இடத்தில் சுட்டு அவர் அதைச் செய்தார். அடுத்த திருப்பம் ஒரு சூரிய கிரகணத்தால் வந்தது. 1945இல் கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரையில் சூடுபட்ட ஒரு மாணவரைச் சோதித்த ஜெர்மன் மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத், அந்தத் தழும்பைக் கண்டு யோசித்தார். வெளிச்சத்தாலேயே விழித்திரையைச் சுட முடியும் என்றால், கத்தியின்றிக் கிழிசலைச் சுற்றி வேலி போட முடியுமே. அவர் முதலில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிப் பயன்படுத்தினார். லேசர் அதற்குப் பிறகு வந்தது.

ஆசிரியை அரைப்பரீட்சை விடுமுறை வரட்டும் என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். சில நாட்களில் மின்னல் குறைந்திருக்கலாம், முழுக்க நின்றும் இருக்கலாம். மின்னல் நின்றது இழுவை விட்டதால் இருக்கலாம். ஆனால் கிழிசல் ஆறியது என்று அதற்கு அர்த்தமில்லை. பலர் ஏமாறுவது இந்த அமைதியில்தான். பிறகு ஒரு நாள் மூக்குப் பக்கமிருந்து நிழல் எழும். அந்த நிலையில் லேசர் மட்டும் போதாது. கூழை வெட்டி எடுத்து உள்ளே வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்பும் அறுவையோ, விழிக்கு வெளியே பட்டை வைத்துத் தைக்கும் அறுவையோ தேவைப்படும். வாயு வைத்தால் பல நாள் குப்புறவோ மருத்துவர் சொன்ன பக்கமாகவோ தலையை வைத்திருக்க வேண்டும். வாயு கரையும்வரை விமானத்தில் ஏறக்கூடாது, உயரத்தில் அது விரிந்து கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடும். உரிதல் மஞ்சள் புள்ளியை எட்டுவதற்கு முன் அறுவை நடந்தால் படிக்கும் பார்வை பெரும்பாலும் தங்கும். எட்டிவிட்டால், விழித்திரை நன்றாக ஒட்டிய பின்னும் பழைய கூர்மை பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. நேர்கோடு வளைந்து தெரிவதும் எழுத்து மங்குவதும் மிச்சமாக நிற்கும்.

முதல் சோதனையில் கிழிசல் இல்லை என்றாலும் கணக்கு அன்றே முடிவதில்லை. கூழ் முழுக்கக் கழல வாரக்கணக்கு ஆகலாம். அதற்குள் புதிதாகக் கிழிபவர்கள் சிலர் உண்டு. அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி மருந்து விட்டுப் பார்க்க வரச் சொல்கிறார்கள். முதல் முறை ஒன்றுமில்லை என்றதும் அந்தச் சீட்டைப் பையில் மடித்துவைத்துவிடுவோர் அதிகம்.

நீரிழிவுக்காரர்களுக்கு இன்னொரு வழியிலும் திடீர்ப் பூச்சி வரும். சர்க்கரையால் விழித்திரையில் முளைத்த பலவீனமான இரத்தக் குழாய் உடைந்து கூழில் இரத்தம் சிந்தும். வைத்தியம் வேறு, ஆனால் போக வேண்டிய இடமும் அவசரமும் அதேதான். கண்புரை அறுவை முடிந்து லென்ஸ் வைத்தவர்கள், “அந்தக் கண்ணுக்குத்தான் எல்லாம் பார்த்தாச்சே” என்று நினைப்பதும் தவறு. அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தக் கண்ணில் கூழ் கழலும் வாய்ப்பு கூடுதல். ஒரு கண்ணில் ஏற்கெனவே விழித்திரை உரிந்தவர்களும், குடும்பத்தில் அந்த வரலாறு உள்ளவர்களும் மறு கண்ணில் வரும் சின்ன மின்னலைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது.

ஒரு கண்ணில் புதிதாகப் பூச்சியோ மின்னலோ தோன்றினால், அன்றே அல்லது மறுநாளைக்குள் விழித்திரையை மருந்து விட்டுப் பார்க்கும் வசதியுள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும். பூச்சிகள் கூட்டமாக வந்தாலோ, ஓரத்தில் நிழல் எழுந்தாலோ, பார்வை சட்டென்று மங்கினாலோ, மறுநாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரவானாலும் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அங்கே வரவேற்பில் “கண் மங்கலாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். எந்தக் கண்ணில், எந்த நாளிலிருந்து, பூச்சியா மின்னலா நிழலா என்று சொன்னால் உடனே உள்ளே அழைப்பார்கள்.